வியாழக்கிழமை ரிவ்யூ: குரூப்பில் எல்லாருக்கும்

கொஞ்சம் நீளமான மெசேஜ். முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

நொய்யலில் மூன்று இடத்தில் தண்ணீர் எடுப்பதாகப் பிரித்துக்கொண்டோம். பேரூர் நான், மங்கலம் பிரவீன், ஒரத்துப்பாளையம் கார்த்தி. இரண்டு பாட்டில் லேபில் இருக்கிறது, மூன்றாவது இன்னும் வரவில்லை. மற்றது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். இது இல்லாமல் முடியாது. பாசனத்துக்குக் கட்டி, கடைசியில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய அணை அது. அங்கே டிடிஎஸ் எவ்வளவு என்றுதான் கைடு முதலில் கேட்பார்.

கார்த்தி, உன்னிடம் தனியாக இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை கேன்டீனில், அப்புறம் திங்கட்கிழமை போனில். இரண்டு தடவையும் "பண்ணிடறேன்" என்றாய். அதனால்தான் இப்போது குரூப்பில் எழுதுகிறேன். இரண்டாம் அத்தியாயமும் உன்னுடையதுதான். ஃபைலைத் திறந்தால் தலைப்பும் கீழே ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரியும் திவ்யா அடித்தது.

நீ ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி பிஎச் சென்சார் தாறுமாறாகக் காட்டியபோது, 4, 7 பஃபர் கரைசலை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தது நீதான். அதற்கப்புறம் ஆளைக் காணோம். வீட்டில் தறிக்கு ஆள் இல்லாமல் ராத்திரி ஷிப்டை நீ பார்க்கிறாய் என்று நேற்றுத்தான் தெரிந்தது. நானும் தறிச் சத்தத்தில் படித்தவன்தான், அந்தச் சோலி எப்படிப்பட்டது என்று தெரியும். சென்னிமலைப் பக்கம் போய்வர அரைநாள் ஆகும் என்று யோசிக்காமல் ஒரத்துப்பாளையத்தை உன் தலையில் கட்டியது என் தப்பு. ஆனால் போனை எடுக்காமல் இருந்தது உன் தப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலையை அன்றைக்கே மாற்றிப் போட்டிருப்போம்.

சரி, இப்போது மாற்றிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பிரவீன் பைக் எடுத்து வருகிறான், இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். இரண்டாம் அத்தியாயத்துக்கான பத்து பேப்பரில் ஐந்தைத் திவ்யா எழுதுகிறாள். மிச்சம் ஐந்தும் செவ்வாய் ராத்திரி ஒன்பதுக்குள் ஃபைலில் இருக்க வேண்டும். முடியாது என்றால் இன்று ராத்திரி பத்துக்குள் முடியாது என்றே சொல், கோபப்படமாட்டோம்.

செவ்வாயும் வரவில்லையென்றால், புதன் காலை யார் எதைச் செய்தோம் என்று எழுதிக் கைடிடம் கொடுப்போம். உனக்குத் தெரியாமல் இல்லை, நீயும் கூட வா. உன் பெயரை எடுக்கச் சொல்லமாட்டோம். செய்யாததைச் செய்ததாகவும் சொல்லமாட்டோம்.

பிரவீன், அந்தத் தூங்குகிற ஸ்டிக்கரை இனிமேல் இங்கே போடாதே. ஞாயிறு காலை ஆறரைக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்ட். பாட்டிலை அங்கிருக்கும் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசிவிட்டு நிரப்புங்கள், மேலே தேதியும் நேரமும் எழுத மறக்க வேண்டாம்.