அடுத்த வீட்டுச் சேவலாருக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய சேவலாருக்கு,

வணக்கம். தங்கள் தொண்டை நலமாக இருப்பதைத் தெருவே அறியும். அதுதான் பிரச்சினையே.

விடியலில் கூவுவது உங்கள் வேலை, சரி. ஆனால் இருட்டு கலையாத நாலு மணிக்கே மதில்மேல் ஏறி, கழுத்தை நீட்டி, இறக்கையைப் படபடவென்று அடித்துத் தொடங்கிவிடுகிறீர்களே, அது எந்த ஊர் விடியல்? உங்கள் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, வெளிச்சம் வராமலே நேரம் தெரியும் என்று 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். நல்லது. அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வையுங்கள்.

இன்னொரு விஷயம். அலகை முழுதாகத் திறந்தால் உங்கள் காது தானே அடைத்துக்கொள்ளுமாமே! கச்சேரி உங்களுடையது, காது மட்டும் எங்களுடையதா?

முதல் கூவலுக்கு எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. நாய்க்குக் குழந்தை அழுகிறது. குழந்தைக்கு மாடிவீட்டுத் தாத்தா இருமுகிறார். உங்கள் முதலாளி மட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குறட்டை விடுகிறார். (அவரிடம் முறையிட்டோம். “பழகிடும்” என்றார்.)

கோழி கூவியா பொழுது விடியப்போகிறது? ஆறு மணிக்குக் கூவுங்கள், கைதட்டுகிறோம். முடியாதென்றால் முதலாளியின் ஜன்னல் பக்கமாவது திரும்பி நின்று கூவுங்கள்.

இப்படிக்கு,
தூக்கம் தொலைத்த தெருவாசிகள்

பி.கு.: ஞாயிறு விடுமுறை. உங்களுக்கும்தான்.