இன்றைய உடம்போடு வாருங்கள்: தொடக்க பேட்ச் அறிமுக வீடியோவுக்கான பேச்சு

(காட்சி: மாடிப்படி, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள். பயிற்சியாளர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். பின்னணி இசை வேண்டாம்.)

வணக்கம். வேளச்சேரி விஜயநகரிலிருந்து தரமணி லிங்க் ரோட்டில் திரும்பியதும், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே முதல் மாடி. அதுதான் எங்கள் உடற்பயிற்சி ஸ்டூடியோ.

இந்த வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறவர்கள் நிறைய பேர். கேட்டால், "கொஞ்சம் இளைச்சுட்டு அப்புறம் வரேன்" என்பார்கள். சிலர், "ரொம்ப ஒல்லியா இருக்கேன், எல்லாரும் பார்ப்பாங்க" என்பார்கள். இளைக்கவும் வேண்டாம், தேறவும் வேண்டாம். இன்றைக்கு இருக்கிற உடம்போடு வாருங்கள். இந்த பேட்ச் அதற்காகத்தான்.

முதல் நாள் உங்களை எடை மெஷினில் ஏற்ற மாட்டோம். இடுப்பை அளக்க மாட்டோம். "முன்பு, பின்பு" என்று போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டுவதும் இங்கே கிடையாது. எங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த வேலை உங்களுக்குச் சுலபமாக வேண்டும்? கல்யாண வீட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டுமா? பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்வர வேண்டுமா? பறக்கும் ரயில் ஸ்டேஷன் படியில் பாதியில் நிற்காமல் ஏற வேண்டுமா? அதிலிருந்துதான் உங்கள் பயிற்சி தொடங்கும்.

(காட்சி: நாற்காலி, அதன் பக்கத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன்.)

முதல் வாரம் இந்த நாற்காலிதான் பெரிய கருவி. உட்கார்வது, எழுவது. பிறகு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. தரையில் செய்யும் தண்டால் இப்போதைக்கு இல்லை. இந்த கேனைப் பாருங்கள், நிரம்பியிருந்தால் 20 கிலோவுக்கு மேல். சென்னையில் இதைத் தூக்காத வீடு குறைவு. முதுகை வளைத்து இழுக்காமல், கேனை உடம்போடு ஒட்டி, இடுப்பையும் தொடையையும் வைத்து எப்படித் தூக்குவது என்று காலி கேனில் தொடங்கிச் சொல்லித் தருவோம். சொல்லப்போனால் எனக்குப் பிடித்த வகுப்பே இதுதான்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? பேசிப் பாருங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம், அது போதும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடை வலிக்கலாம். பழகாத தசைக்கு அது சகஜம், சில நாளில் போய்விடும். ஆனால் மூட்டில் குத்துவது போல் வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் என்று எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். நிறுத்தியதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, அதோடு 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. கேட்டதும் பயம் வரும். ஒன்றுமே செய்யாததைவிட கொஞ்சம் செய்வது மேல் என்று சொல்வதும் அதே வழிகாட்டுதல்தான். தசைப் பயிற்சியை இங்கே பார்த்துக்கொள்ளலாம். நடையை மொட்டை மாடியிலோ தெருவிலோ பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இட்லி, தோசையை நிறுத்தச் சொல்லிப் பட்டியல் எதுவும் தர மாட்டோம்.

விவரம் இதோ. 6 வாரம், வாரம் 3 வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஒரு பேட்ச்சில் 12 பேர், 2 பயிற்சியாளர்கள். காலை 6.15, மாலை 7.30, பெண்களுக்கு மட்டும் காலை 10.30. கட்டணம் 3,600 ரூபாய், முதல் வகுப்பு இலவசம். சேரும் கட்டணம் என்று தனியாக எதுவும் இல்லை, ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொல்வதும் இல்லை. வர முடியாத நாளுக்கு வேறு பேட்ச்சில் வரலாம். நவம்பர் மழையில் வேளச்சேரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்படி வகுப்பு நின்றால் அந்த நாட்களைக் கடைசியில் சேர்த்துத் தருவோம்.

சுடிதார், டிராக் பேன்ட், எது வசதியோ அதில் வரலாம். புது ஷூ வாங்க வேண்டாம். கண்ணாடிச் சுவருக்குத் திரை போட்டிருக்கிறோம், வேண்டியவர்கள் விலக்கிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை 9 முதல் 11 வரை சும்மா வந்து பார்க்கலாம். பணம் கொண்டுவர வேண்டாம், ஒரு தண்ணீர் பாட்டில் போதும். அப்புறம், கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. படி ஏறித்தான் வர வேண்டும் என்றில்லை.