2026-ஆம் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் குறித்த அறிவிப்பு

திருப்பூர், 24.11.2025

மெர்ச்சண்டைசிங் துறைப் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஜனவரி முதல் கிடைத்திருக்க வேண்டிய ஆண்டு ஊதிய உயர்வு இம்முறை யாருக்கும் வழங்கப்படாது. 2026 டிசம்பர் 31 வரை நடப்பில் இருக்கும் இந்த முடிவு, துறைத் தலைவர்கள் உட்பட நிறுவனத்தின் மாதச் சம்பளப் பணியாளர் அனைவருக்கும் பொருந்தும்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடும், ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 விழுக்காடும் கூடுதல் வரி விதித்ததால், நம் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் வாங்கிவந்த அமெரிக்க பையர்கள் சிலர் கோடைக்கால ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மற்றவர்கள் வரியில் ஒரு பகுதியை நம் விலையில் கழிக்கச் சொன்னார்கள், நாமும் ஒப்புக்கொண்டோம். அந்த ஆர்டர்களில் இப்போது லாபம் இல்லை.

வழக்கமான 8 விழுக்காடு உயர்வை எதிர்பார்த்து, மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு இதனால் மாதத்துக்கு 2,400 ரூபாய், ஆண்டுக்கு 28,800 ரூபாய் இழப்பு. இந்தத் தொகை பின்னர் நிலுவையாகவும் தரப்படாது. அடுத்த உயர்வு இன்றைய சம்பளத்தின் மீதே கணக்கிடப்படும் என்பதால், இழப்பு ஓராண்டோடு முடிவதும் இல்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஏறும்போது சம்பளம் நின்றுவிட்டால் வீட்டுக்கு அது சம்பளக் குறைப்புதான். எனக்கும் உயர்வு கிடையாது என்பதை ஆறுதலாகச் சொல்ல மாட்டேன். என் சம்பளத்தில் தாங்குவதும் புதிதாகச் சேர்ந்தவர் தாங்குவதும் ஒன்றல்ல. 25,000 ரூபாய்க்குக் கீழ் வாங்குபவர்களுக்கு விலக்கு கேட்டேன், நிர்வாகம் ஏற்கவில்லை.

தற்போதைய சம்பளம், வருங்கால வைப்பு நிதி, சட்டப்படியான போனஸ் ஆகியவற்றில் மாற்றம் இல்லை. சம்பளம் உயராத நிலையில் யாருக்கும் நிரந்தரமாகக் கூடுதல் பொறுப்பு சுமத்த மாட்டேன். விலகுபவரின் பையர் கணக்கை மற்றவர் பார்க்க நேர்ந்தால், எத்தனை நாளுக்கு என்பதை எழுத்தில் தருவேன்.

ஆட்குறைப்பு இருக்குமா என்று கேட்பீர்கள். இன்றுவரை அப்படி ஒரு முடிவு இல்லை. இனியும் இருக்காது என்று உறுதி கூறும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆர்டர் நிலவரத்தை வைத்து நிர்வாகம் ஜூலையில் ஊதிய உயர்வு நிறுத்த முடிவை மறுபரிசீலனை செய்யும். அதன் விளைவு எதுவானாலும் அந்த வாரமே தெரிவிப்பேன்.

வியாழக்கிழமை (27.11.2025) மாலை 4 மணிக்குக் கூட்ட அறையில் நானும் கணக்குத் துறை மேலாளரும் இருப்போம். பொதுவில் கேட்கத் தயங்குபவர்கள் என்னைத் தனியாகச் சந்திக்கலாம். வேறு வேலை தேடுவதென்று யாரேனும் முடிவு செய்தால் அதை நான் குறையாக எண்ண மாட்டேன். அனுபவச் சான்றிதழ் தாமதமின்றிக் கிடைக்கும்.

இப்படிக்கு,
துறைத் தலைவர்,
மெர்ச்சண்டைசிங் துறை