அடைத்த பொந்து: இருவாச்சி குறும்படத்துக்கான பின்குரலும் படப்பிடிப்புக் குறிப்பும்

நீளம்: 8 நிமிடம். களம்: வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டு. காலம்: பிப்ரவரி முதல் மே வரை. களத்தில் மூன்று பேர் மட்டும்.

குழுவுக்கு முதலில் ஒரு வார்த்தை. முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க மரப்பொந்துக்குள் அடைபட்டிருக்கும் பெண் இருவாச்சிக்கு ஆண் பறவை கொண்டுவருவதுதான் சோறு. மரத்தடியில் ஆள் நிற்பது தெரிந்தால் அது கூட்டுக்கு வராது. அலகு நிறையப் பழத்தோடு எங்காவது தள்ளி உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரமெல்லாம் உள்ளே பட்டினி. கீழே உள்ள விதிகள் எல்லாம் இதற்காகத்தான்.

காட்சி 1. விடியல்
ஷாட்: சாலையோரத்திலிருந்து வைட். தேயிலைச் சரிவு, பின்னால் கருப்பாகக் காடு, மூடுபனி. முப்பது விநாடி அசையாத பிரேம். டிரோன் கிடையாது, அனுமதி கிடைத்தாலும் கிடையாது.
பின்குரல்: "முதலில் காதில் விழுவது சிறகுதான். மலையேறும் நிலக்கரி ரயில் மூச்சு விடுவதுபோல. அப்புறம்தான் பறவை தெரியும்."
ஒலி: சிறகொலியை அசலாகவே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் மறுநாள் காத்திருப்போம். பதிவு செய்த கூவலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது.

காட்சி 2. மூடிய வாசல்
ஷாட்: 600 மி.மீ. லென்ஸில் பொந்தின் பிளவு. மெதுவாகத் தெளிவாகட்டும்.
பின்குரல்: "பெண் இருவாச்சி தானே உள்ளே போய், எச்சமும் பழச்சக்கையும் குழைத்து வாசலைப் பூசிக்கொள்கிறது. மிஞ்சுவது அலகு நுழையும் ஒரு கீற்று. உள்ளே இருக்கும்போது அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்துவிடும். இனி அது முழுக்க முழுக்க வெளியே இருப்பவனை நம்பித்தான்."

பூச்சு நடக்கும் நாட்களைப் படமெடுக்க வேண்டாம். கூடு இன்னும் உறுதியாகாத நேரம் அது. தொந்தரவு வந்தால் இடத்தையே கைவிடக்கூடும். நல்ல ஷாட்தான், எனக்கும் ஆசைதான். ஆனாலும் வேண்டாம்.

காட்சி 3. சாப்பாடு
படத்தின் உயிர் இங்கேதான். மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

மறைப்புக் கூடாரம் மரத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி, எதிர்ச்சரிவில். ஒரே நாளில் கட்டக் கூடாது: முதல் நாள் கம்பு, இரண்டு நாள் கழித்துத் துணி, அதற்குப் பிறகு இலை. இருட்டு விலகும் முன் உள்ளே போய், இருட்டிய பிறகுதான் வெளியே வர வேண்டும். நடுவில் டீ குடிக்க இறங்குவது இல்லை. பார்வையை மறைக்கும் கிளையை வெட்டவோ கட்டவோ கூடாது, கேமராவை நகர்த்துங்கள்.

ஷாட்: ஆண் பறவை பக்கத்துக் கிளையில். தலையைச் சாய்த்துச் சுற்றிலும் பார்ப்பதை வெட்டாமல் வையுங்கள். பிறகு க்ளோஸ் அப்: தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வரும் அத்திப்பழம், அலகு நுனி, கீற்றுக்குள்ளிருந்து நீளும் இன்னொரு அலகு.
பின்குரல்: "ஒன்று." (இடைவெளி) "இன்னொன்று." (நீண்ட இடைவெளி. எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பழம் கைமாறும் ஒலியை மட்டும் கேட்கவிடுங்கள்.) "சிவந்த கண் ஆணுக்கு. உள்ளே இருப்பவளின் கண் வெளிர். இந்தக் கீற்று வழியாக அதை நாம் பார்க்கப்போவதில்லை."

ஆண் இரண்டு முறை வந்து கொடுக்காமல் திரும்பினால் காரணம் நாம்தான் என்று வைத்துக்கொண்டு அன்றைக்கு வேலையை நிறுத்தி, மறைப்புக்குள்ளேயே அசையாமல் இருப்போம். அது ஊட்டிவிட்டுப் போன பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பலாம். பிளாஷ், டார்ச், பொந்துக்குள் கேமரா நுழைப்பது, பழம் வைத்து இழுப்பது எதுவும் கிடையாது.

காட்சி 4. மரத்தடி
ஷாட்: ஆண் வெளியே போயிருக்கும்போது தொலைவிலிருந்து மட்டும். உதிர்ந்த விதைகள், முளைத்த நாற்றுகள்.
பின்குரல்: "விழுங்கிய விதைகளை இது காடெங்கும் விதைத்துவிட்டு வருகிறது. பெரிய பொந்துள்ள பழைய மரம் இல்லையென்றால் இதற்குக் குடும்பம் இல்லை."
இந்த மரத்தை நமக்குக் காட்டியவர் காடர் இனத்துப் பெரியவர். அவர் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் அன்றைக்கு வேண்டாம்.

காட்சி 5. வாசல் உடைகிறது
பின்குரல்: "தாய் முதலில் வெளியே வருகிறது. குஞ்சு மிச்ச நாளுக்கு வாசலைத் தானே மறுபடி பூசிக்கொள்கிறது. ஒருநாள் அதையும் கொத்தி உடைக்கிறது."
குஞ்சு வெளியேறும் நாளைக் கணித்துச் சொல்ல முடியாது. கிடைத்தால் எடுப்போம். கிடைக்காவிட்டால் வெறும் பொந்தைக் காட்டி, அது கிடைக்கவில்லை என்பதைப் பின்குரலில் மறைக்காமல் சொல்வோம். வேறு கூட்டின் காட்சியை ஒட்டவைக்க வேண்டாம்.

கடைசி ஷாட்: உடைந்த பூச்சு, பின்னால் தூரத்தில் தேயும் சிறகொலி. இசை இல்லை. இறுதிப் பட்டியலில் "ஆனைமலை" என்று மட்டும் போடுங்கள். தோட்டத்தின் பெயர், மரம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் படம், ஜி.பி.எஸ். விவரம் எதுவும் கோப்புகளில்கூட இருக்கக் கூடாது. வெளியிடும் முன் நானே ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குவேன்.