வாடகை ரசீது: திருத்தி எழுதியது

2.2.2025

அன்புள்ள தம்பி கார்த்திகேயனுக்கு,

மாதந்தோறும் நான் அனுப்பும் “தம்பி, பணம் வந்தது, நன்றி” என்ற செய்தியை உங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு ஏற்கவில்லை என்று சொன்னீர்கள். அவர்கள் திருப்பியது நியாயம்தான். எந்த வீடு, எந்த மாதம், வாடகை எவ்வளவு, யார் யாருக்குக் கொடுத்தது என்று எதுவுமே அதில் இல்லை. புதிய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கிடையாது என்பதால் பழைய முறையில் இருக்கிறீர்கள். அந்தப் பலன் என் அரைகுறைச் செய்தியால் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு முழுவதையும் திருத்தி எழுதியிருக்கிறேன்.

வாடகை ரசீது

மதுரை 625020, கே.கே. நகர், கிழக்கு 6-ஆவது தெரு, 14-ஆம் எண் கட்டடத்தின் முதல் மாடி வீடு எனக்குச் சொந்தமானது. அதில் குடியிருக்கும் திரு. மு. கார்த்திகேயன், 2024 ஏப்ரல் முதல் 2025 ஜனவரி வரையிலான 10 மாதங்களுக்குரிய வாடகையாக ரூ.1,42,800 (ரூபாய் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூறு மட்டும்) செலுத்தியதைப் பெற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 2024 முதல் செப்டம்பர் 2024 வரை: மாதம் ரூ.14,000 வீதம் 6 மாதங்களுக்கு ரூ.84,000
அக்டோபர் 2024 முதல் ஜனவரி 2025 வரை: புதுப்பித்த ஒப்பந்தப்படி மாதம் ரூ.14,700 வீதம் 4 மாதங்களுக்கு ரூ.58,800

ஜூலை 2024 வாடகை 8.7.2024 அன்று ரொக்கமாகப் பெறப்பட்டது. மற்ற 9 மாத வாடகையும் என் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவானது. மேற்கண்ட தொகையில் பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம், முன்பணம் எதுவும் சேரவில்லை. என் பான் அட்டையின் கையொப்பமிட்ட நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இரா. சரஸ்வதி
வீட்டு உரிமையாளர்
மதுரை, 2.2.2025

உங்கள் வங்கி அறிக்கையில் ஏப்ரல் முதல் 14,800 என்றும், அக்டோபர் முதல் 15,500 என்றும் இருக்கும். ரசீதில் மாதம் 800 ரூபாய் குறைகிறதே என்று நினைப்பீர்கள். அது மோட்டாருக்கும் மாடிப்படி கூட்டுபவருக்கும் நாம் பேசிக்கொண்ட பராமரிப்புப் பணம்; ஒப்பந்தத்திலும் தனியாகத்தான் எழுதியிருக்கிறோம். வாடகையிலிருந்து சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்து வருவது, கையில் வாங்கும் படி, மதுரையாக இருப்பதால் சம்பளத்தின் 40 சதவீதம் ஆகிய மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. வாடகையைக் கூட்டி எழுதினால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வாங்காத வாடகையை வாங்கியதாக என்னால் எழுத முடியாது தம்பி. யாராவது கேட்டால், வங்கியில் வந்த 1,36,000, ரொக்கமாகத் தந்த 14,800, ஆக மொத்தம் 1,50,800, அதில் பராமரிப்பு 8,000 போக மீதி வாடகை என்று காட்டுங்கள். சரியாக நேராகும்.

பிப்ரவரி, மார்ச் இரண்டையும் சேர்த்து இப்போதே கேட்டீர்கள். வராத பணத்துக்கு எப்படி ரசீது போடுவது? அந்த மாதங்களுக்கு ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்துப் பாருங்கள். பணம் வந்தவுடன் அன்றைக்கே ரசீது தருகிறேன்.

பான் எண் கேட்டபோது தயங்கினேன், அதற்காக வருந்துகிறேன். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணை நீங்கள் கொடுத்தாக வேண்டும் என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்னைப் பொறுத்தவரை இந்த வாடகையை ஒவ்வொரு வருடமும் என் வருமானக் கணக்கில் காட்டி, 30 சதவீதக் கழிவு போக மீதிக்கு வரி கட்டித்தான் வருகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. எண்ணைப் போனில் அனுப்ப மட்டும் மனம் வரவில்லை. நகலின் குறுக்கே “வீட்டு வாடகை ரசீதுக்காக மட்டும்” என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதை அழிக்காமல் அப்படியே கொடுங்கள்.

ஜூலை மாதத்துக்கு மட்டும் தனித்தாளில் இன்னொரு ரசீதும் எழுதி வைத்திருக்கிறேன். ஐயாயிரத்துக்கு மேல் ரொக்கம் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டையும் கொடுக்கும்போது, அந்த மாதத்தை இரண்டு முறை கூட்டிவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். 12பிபி படிவத்தில் என் பெயரையும் முகவரியையும் ரசீதில் உள்ளபடியே, முதலெழுத்து உட்பட, நிரப்புங்கள்.

எல்லாம் ஒரே உறையில் இருக்கிறது. இரவு எத்தனை மணிக்கு ஊரிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, கீழ் வீட்டு மணியை அடித்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போங்கள்.

சரஸ்வதி டீச்சர்