ஜூலை 10 விழாவுக்கு வர இயலாமை குறித்து

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வேலூர்ப் புரட்சி நினைவு நாளான ஜூலை 10 அன்று தங்கள் பள்ளி விழாவில் சிறப்புரையாற்ற ஒப்புக்கொண்டிருந்தேன். அழைப்பிதழிலும் என் பெயர் அச்சாகிவிட்டது. ஆனால் நேற்றிரவு ஆரணியில் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 10-ஆம் தேதி காலை அறுவை சிகிச்சை. உடனிருக்க வேறு ஆள் இல்லாததால் என்னால் வர இயலவில்லை. மிகவும் வருந்துகிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

காட்பாடியில் இருக்கும் என் தோழி, அவரும் வரலாற்று ஆசிரியைதான், எனக்குப் பதிலாகப் பேசச் சம்மதித்திருக்கிறார். தங்களுக்கு உடன்பாடென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒன்பது மணிக்கே வந்துவிடுவார்.

நாடகம் போடும் பிள்ளைகளுக்காக நான் எழுதிய குறிப்பை இத்துடன் அனுப்பியுள்ளேன். 1806-இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது புதிய தலைப்பாகை மட்டுமல்ல. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவும்தான். அந்த வசனத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். அட்டையில் அவர்கள் செய்த தலைப்பாகைகளைத் தாங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். முன்பக்கத் தோல் பட்டையைக்கூட விடவில்லை, அத்தனை நேர்த்தி! பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

விழா சிறக்க வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, ஆரணி