அறிவித்தல்: மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி கழுவுதல்

குடியிருப்பாளர் சங்கம்
யாழ்ப்பாணம்
06.10.2025

அன்பான குடியிருப்பாளர்களுக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை (12.10.2025) காலை 7 மணிக்கு எங்கள் தொடர்மாடியின் பொதுத் தண்ணீர்த் தாங்கியைக் கழுவ இருக்கிறோம். பின்னேரம் 5 மணி வரை 24 வீட்டுக் குழாய்களிலும் தண்ணீர் வராது.

நேற்று மூடியைத் திறந்து பார்த்தோம். சுவரெல்லாம் நகத்தின் மொத்தத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அது வழமைதான். ஆனால் அடியில் சேறு, மேலே செத்து மிதந்த பல்லி! மூடி ஒரு பக்கம் வெடித்திருக்கிறது, வழிந்தோடும் குழாயின் வலையும் கிழிந்துவிட்டது. பல்லி போன வழியால் நுளம்பும் போகும். மழை தொடங்கப் போகிறது, டெங்குக் காலம். பிள்ளைகள் வாய் கொப்பளிக்கிற தண்ணீர் இது. ஆகவே மூடியையும் வலையையும் அன்றைக்கே மாற்றுகிறோம்.

பல்லியை எடுத்துவிட்டுக் குளோரின் போட்டிருக்கிறோம். என்றாலும் ஞாயிறு வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள், தயவுசெய்து.

சனி இரவு 8 மணிக்குப் பிறகு மோட்டர் போட மாட்டோம். தாங்கி 10,000 லீற்றர். நிரம்பிய தண்ணீரை வீணாகத் திறந்துவிட எங்களுக்கு மனமில்லை. அதற்கு முன்பே வாளி, குடம், அண்டா என்று இருக்கிறதில் எல்லாம் பிடித்து மூடி வையுங்கள். இருக்கிறதைப் பாவித்து முடித்தால் தாங்கியும் தானாக இறங்கிவிடும். மேல்மாடியில் தனியே இருக்கும் அம்மாவுக்கும் ஐயாவுக்கும் பக்கத்து வீட்டார் இரண்டு வாளி ஏற்றிக் கொடுத்தால் பெரிய உதவி.

சுவரைத் தூரிகையால் தேய்த்து, குளோரின் கரைசல் பூசி, அரை மணித்தியாலம் விட்டுக் கழுவுவார்கள். சவர்க்காரத் தூள் பாவிப்பதில்லை. உள்ளே ஒருவர் இறங்கும்போது மேலே இன்னொருவர் கட்டாயம் நிற்பார். பிள்ளைகளை மொட்டைமாடிக்கு விடாதீர்கள். கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்ற விடமாட்டோம், வீதி வடிகாலுக்குத்தான் போகும். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கெதியாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும்.

தண்ணீர் வந்ததும் ஒவ்வொரு குழாயையும் ஐந்து நிமிடம் திறந்து விடுங்கள். முதலில் கலங்கலாக, குளோரின் மணத்தோடு வரும். அதை வாளியில் பிடித்துக் கழிவறைக்குப் பாவிக்கலாம், மீன் தொட்டிக்கு வேண்டாம். அந்த வாளிக்குள் கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றாதீர்கள், நச்சுவாயு வரும்.

செலவுக்கு வீட்டுக்கு 750 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் 2ஆம் இலக்க வீட்டில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அன்று வீட்டில் விசேஷமோ, நோயாளியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், தண்ணீருக்கு வேறு ஒழுங்கு செய்து தருவோம். கடும் மழை என்றால் வேலை அடுத்த ஞாயிறு 19ஆம் திகதிக்குப் போகும். அதைச் சனி பின்னேரமே வாசல் பலகையில் எழுதிவிடுவோம்.

செயலாளர்,
குடியிருப்பாளர் சங்கம்